ஃபாலோயரைக் குறைத்தால் விகிதம் ஏறும், விற்பனையும் ஏறுமா?

2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் கூண்டோடு நீக்கியது. அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலேயே சுமார் 1 கோடியே 89 லட்சம் ஃபாலோயர்கள் குறைந்தார்கள். பாடகர் ஜஸ்டின் பீபருக்கு ஏறக்குறைய 35 லட்சம் பேர் போனார்கள். 2018 ஜூலையில் ட்விட்டரும் இதே வேலையைச் செய்தது. முடக்கி வைக்கப்பட்ட கணக்குகளை ஃபாலோயர் கணக்கில் சேர்ப்பதை அது நிறுத்தியதும், பராக் ஒபாமாவின் எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் மேல் இறங்கியது.

போலி ஃபாலோயர் இருந்தாலே காசு கொடுத்து வாங்கியதாக அர்த்தமில்லை. போலிக் கணக்குகளை நடத்துகிறவர்கள், அவை நிஜ ஆட்களுடையவை போலத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணில் படுகிற கணக்குகளையெல்லாம் ஃபாலோ செய்ய வைப்பார்கள். அதனால் வீட்டிலிருந்தே சேலை விற்கும் ஒருவரின் பக்கத்திலும் அவை சேர்ந்துகொண்டே இருக்கும். இவற்றையும், நெடுநாளாக உறங்கிக் கிடக்கும் கணக்குகளையும் மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ களையெடுப்பது இப்போது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ‘எங்கேஜ்மென்ட் ரேட்’ ஏறும் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். ஏறத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஏற்றம் எதைக் காட்டுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பதிவுக்கு வந்த லைக், கமென்ட், சேவ் எல்லாவற்றையும் கூட்டி, ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பது ஈடுபாட்டு விகிதம். இன்னொரு கணக்கும் உண்டு. அதில் ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுக்காமல், அந்தப் பதிவை உண்மையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ‘ரீச்’ எண்ணால் வகுப்பார்கள்.

சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஃபாலோயர்கள் 12,000 பேர். கடைசிப் பன்னிரண்டு பதிவுகளின் சராசரியில் லைக், கமென்ட், சேவ் எல்லாம் சேர்ந்து 240. ஃபாலோயர் அடிப்படையில் விகிதம் 2 சதவீதம். ஒரு பதிவைச் சராசரியாக 3,000 பேர் பார்க்கிறார்கள். ரீச் அடிப்படையில் 8 சதவீதம். உரிமையாளர் மூன்று வாரத்தில் 2,400 கணக்குகளை நீக்குகிறார். மிச்சம் 9,600. அடுத்த பன்னிரண்டு பதிவுகளின் சராசரி 236, ரீச் 2,960. இப்போது ஃபாலோயர் விகிதம் ஏறக்குறைய 2.46 சதவீதம். ரீச் விகிதமோ அதே 8 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

முதல் எண்ணை மட்டும் பார்த்தால் ஈடுபாடு கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிட்டதாகத் தோன்றும். ஆனால் கூடுதலாக ஒருவர்கூடச் சேலையைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. கல்யாண மண்டபத்தில் காலி நாற்காலிகளை எடுத்துவிட்டால் கூட்டம் நிறைந்த மாதிரி தெரியும். பந்தியில் இலை கூடாது. வகுக்கும் எண் சிறுத்ததால் விடை பெருத்தது, அவ்வளவுதான்.

உறங்கும் ஃபாலோயர்கள் பதிவின் பரவலைக் கெடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் செயலியைத் திறக்காதவரின் திரைக்கு எந்தப் பதிவும் போவதில்லை. திறக்கிறவருக்கு எதைக் காட்டுவது என்பதை இன்ஸ்டாகிராம் அவரவர் பழக்கத்தைக் கணித்து முடிவு செய்கிறது. ஆகவே உறங்குகிறவரை நீக்கினால் ரீச் தானாக ஏறிவிடாது. கண்ட பதிவுக்கெல்லாம் லைக் போடும் போலிக் கணக்குகளின் கதை வேறு. எந்தச் சேலை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று உரிமையாளர் படிக்கும் கணக்கையே அவை குழப்பிவிடும். நீக்குவதால் வரும் நிஜமான பலன் இங்கேதான் இருக்கிறது.

குறித்த இடைவெளியில் நீக்கும்போது இன்னொரு மயக்கமும் உண்டு. நீக்கிய வாரத்தில் விகிதம் துள்ளி ஏறும். அதன்பின் புதிய போலிகள் சேரச் சேர மெல்ல இறங்கும். அடுத்த முறை நீக்கியதும் மறுபடி ஏறும். வரைபடத்தில் பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போல இருக்கும். நீக்குவதற்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் முன்னேற்றம்தான் தெரியும். இதில் ஏமாறாதிருக்க, நீக்கி முடித்த ஒரு மாதத்தின் விகிதத்தை முந்தைய சுற்றில் நீக்கி முடித்த மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்திலேயே ரீச் விகிதத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

யாரை நீக்குவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முகப்புப் படம் இல்லை, ஒரு பதிவும் இல்லை, பெயருக்குப் பின்னால் எண்களின் வால், ஆயிரக்கணக்கானோரை ஃபாலோ செய்தும் தன்னை ஃபாலோ செய்வோர் விரல்விட்டு எண்ணும் அளவு. இந்த அடையாளங்கள் சேர்ந்து இருந்தால் போலி என்று சந்தேகிக்கலாம். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. படமும் போடாமல், லைக்கும் போடாமல், தினமும் பார்க்க மட்டும் செய்கிற அத்தைகளும் பெரியம்மாக்களும் நிறைய இருக்கிறார்கள். சேலை வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தான். சந்தேகம் வந்தால், ஸ்டோரி போட்டு 48 மணி நேரம் வரை கிடைக்கும் பார்வையாளர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சில முறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆர்டர் அனுப்பிய பழைய வாடிக்கையாளர் பெயர்களோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

நீக்குவது எளிது. ஃபாலோயர் பட்டியலைத் திறந்து, பெயருக்கு எதிரே உள்ள ‘Remove’ பொத்தானை அழுத்தினால் போதும். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. கணக்கு பொதுவில் திறந்திருந்தால் அவர் திரும்பவும் ஃபாலோ செய்யலாம். அதைத் தடுக்க வேண்டுமென்றால் பிளாக் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் நீக்கினால் இன்ஸ்டாகிராம் அந்தச் செயலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக்கூடும் என்பதால், நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் செய்வது நல்லது. ‘ஒரே சொடுக்கில் சுத்தம்’ என்று கடவுச்சொல் கேட்கும் வெளிச் செயலிகள் பக்கமே போகக் கூடாது. கணக்கே கைமாறிப் போகலாம்.

நீக்கிய பின் லைக்குகள் சட்டென்று 240இலிருந்து 170க்கு விழுந்தால் பதற வேண்டாம். சேவ், விலை கேட்டு வரும் செய்திகள், ஸ்டோரி பார்வைகள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அவை குறையாமல் லைக் மட்டும் குறைந்திருந்தால், போனவை போலிகளின் லைக்குகள். மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால், நிஜ ஆட்களை நீக்கிவிட்டோம் என்று பொருள். அடுத்த சுற்றுக்கு முன் அடையாளங்களை இறுக்கிக்கொள்ள வேண்டும். பண்டிகை விற்பனை, பரிசுப் போட்டி நடக்கும் மாதங்களில் நீக்காமல் இருப்பது நல்லது. எந்த மாற்றம் எதனால் வந்தது என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

விளம்பரம் தர வரும் நிறுவனம் விகிதம் கேட்டால், எந்த மாதம் எத்தனை பேரை நீக்கினோம் என்பதையும் சேர்த்து இரண்டு விகிதங்களையும் கொடுப்பதே நேர்மை. நீக்குவதால் அவருக்குக் காட்டும் எண் உண்மைக்கு நெருக்கமாகிறது. அந்த வேலை அதோடு முடிகிறது. ரீச் விகிதத்தை 8இலிருந்து 9 ஆக்க வேண்டுமென்றால், நீக்கும் பட்டியலை விட்டுவிட்டு, அதிகம் சேவ் செய்யப்பட்ட சேலை எது, எந்தப் படத்துக்குக் கீழே விலை கேட்டார்கள் என்ற பட்டியலோடு உட்கார வேண்டும்.