புகையிலை அடக்கும் பக்கம்

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரிடம், எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், வருடக்கணக்காக ஒரே பக்கம். தூங்கும்போதுகூட அடக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான்.

காரணம் எளிது. சுண்ணாம்பு சேரும்போது புகையிலையின் நிகோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக வேகமாக ரத்தத்தில் இறங்குகிறது. அந்தக் கிறக்கம்தான் மறுபடியும் கேட்க வைக்கிறது. கூடவே நைட்ரோசமைன் என்ற நச்சுகளும் மணிக்கணக்கில் அதே தோலில் ஊறுகின்றன. அவை செல்லின் மரபணுவைக் கெடுக்கின்றன.

முதலில் ஈறு கீழிறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியும். வேரோரம் அழுக்கு தங்கும், பல் கூசும், பிறகு ஆடும். வயதாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடக்கும் பக்கத்தில் மட்டும் ஈறு இறங்கியிருந்தால் அது வயதின் வேலை அல்ல.

பாக்கு செய்யும் கெடுதல் வேறு. புகையிலை போடாமல் பாக்கு மட்டும் மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே அறிவித்தது. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகுகிறது. முதலில் குழம்பின் காரம் தாங்காது, பிறகு வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இறுகிய தோல் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதையாவது தடுக்கப் பார்க்கலாம்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாத புண் ஆகியவை அடுத்த எச்சரிக்கைகள். சிவந்த திட்டு இன்னும் ஆபத்தானது. தொடக்கத்தில் வலி இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. சூட்டுப் புண் என்று பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும். அந்தப் பள்ளத்துக்கு அடியிலேயே தாடை எலும்பு இருப்பதால், முற்றிய கட்டியை எடுக்கும்போது எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டி வரலாம். சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதைத் தாண்டிய புண்ணிலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

வாயைக் கண்ணால் பார்ப்பதே உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

உங்கள் வீட்டில் வெற்றிலை, புகையிலை போடுகிற பாட்டியோ அப்பாவோ இருந்தால், மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அவர்கள் அடக்கும் பக்கத்தைப் பாருங்கள். பழக்கத்தை விட அவர்கள் விரும்பினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள்.