ஒரு ஏக்கர் புல், 20 கூஸ் வாத்துகள்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்காக வளர்க்கப்படும் எம்டன் இனக் கூஸ் வாத்துகளின் தீவனக் கணக்கு இது. ஜூன் தொடக்கத்தில் பொரித்த 20 குஞ்சுகள், ஒரு ஏக்கர் புல்வெளி, 28 வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ரூபாயோ பவுண்டோ, விலை மாறும். ஆகவே கிலோவில் எழுதுகிறேன்.

முதல் 3 வாரங்களுக்குச் சுமார் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம், தலைக்கு 3 கிலோ: மொத்தம் 60 கிலோ. அடுத்த 2 வாரங்கள் நாளுக்கு 100 கிராமாகக் குறைத்தால் 28 கிலோ. ஆறாவது வாரத்திலிருந்து 19 வாரங்களுக்கு மேய்ச்சல்தான் சாப்பாடு. மாலையில் கொட்டகைக்கு அழைக்க மட்டும் 50 கிராம் கோதுமை, 133 கிலோ. கடைசி 4 வாரங்கள் கொழுக்க வைக்க நாளுக்கு 250 கிராம் தானியம், 140 கிலோ. ஆக 361 கிலோ, தலைக்கு 18 கிலோ.

மேய்ச்சல் வாரங்களிலும் 250 கிராம் கொடுத்திருந்தால் தலைக்கு இன்னும் 26 கிலோவுக்கு மேல் போயிருக்கும். 6.5 கிலோ எடையுள்ள பறவையில் 4.5 கிலோ இறைச்சி தேறும். அதன்படி ஒரு கிலோ இறைச்சிக்குப் புல்லில் 4 கிலோ தீவனம், புல்லில்லாமல் ஏறக்குறைய 10. தீவனத்தை மட்டுமே நம்புகிறவர், வளர்ச்சி வேகம் குறையும் 10 வாரத்திலேயே விற்றுவிடுவது நல்லது. நீண்ட காலம் வளர்ப்பதை நியாயப்படுத்துவது புல் ஒன்றுதான்.

அந்தப் புல் எப்படியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூஸ் நார்ச்சத்தைச் சரியாகச் செரிக்காது. தின்றது விரைவில் வெளியே வந்துவிடும். எனவே 10 செ.மீ.க்குள் இருக்கும் இளம்புல் தேவை. முற்றிய நீளத்தண்டு இரைப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளலாம். வயலை மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய விட வேண்டும். மார்பெலும்பு கையில் கூர்மையாகத் தட்டுப்பட்டால் புல் போதவில்லை என்று பொருள், கோதுமையைக் கூட்டுங்கள். குஞ்சுகளின் கால் வளைந்தால் நியாசின் குறைவைச் சந்தேகிக்கலாம். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அது இவற்றுக்குப் போதாது. மூன்று வாரத்துக்குப் பிறகும் புரதம் மிகுந்தால் சிறகு நுனி வெளிப்பக்கம் திரும்பிவிடும்.

கொட்டகைக்கு அதிகம் செலவில்லை. 20 பறவைகளுக்கு 10 சதுர மீட்டர், காய்ந்த வைக்கோல், இரவில் நரி நுழையாத கதவு. குளம் வேண்டாம், தலையை முழுதாக நனைக்கும் ஆழமுள்ள வாளித் தண்ணீர் கட்டாயம்.

ஆண் பறவை சீறித் துரத்தும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது முட்டையிடும் பருவமான பிப்ரவரி முதல் மே வரை, அதுவும் வளர்ந்த ஜோடிகளிடம் அதிகம். டிசம்பரிலேயே விற்பனைக்குப் போகும் இந்த மந்தை அந்த வயதை எட்டுவதில்லை. இரு கைகளையும் விரித்து மெல்ல நடந்தால் இருபதும் ஒன்றாக நகரும். அவசரப்படுத்தினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிபடும். கொட்டகை வாசலை அகலமாக வைப்பது அதனால்தான்.