எதை, எவருக்கு?

வீடு கட்டி விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாளி ஒருவர், அலுவலகத்தில் ஓர் உதவியாளர் பெண், இருவருக்கும் நடுவே வாட்ஸ்அப். உதாரணத்துக்காக நான் கட்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு காலைப்பொழுதில் இவர்களுக்குள் போன செய்திகள் இவை:

காலை 10.05, முதலாளி: "வக்கீல் சார் வில்லங்கம் பாத்துட்டாராம், ஓகே. மூலப்பத்திர ஸ்கேன்ல 4-ஆம் பக்கம் தெளிவா இல்லைங்கறார்."

10.20, முதலாளி: "பேங்க் மேனேஜர் போன் பண்ணார். கையெழுத்தான அக்ரிமென்ட் இன்னும் லோன் ஃபைலுக்கு வரலையாம்."

10.40, உதவியாளர்: "4-ஆம் பக்கம் திரும்ப ஸ்கேன் பண்ணிட்டேன் சார். அக்ரிமென்ட்ல டாக்டர் சார் சொன்னபடி அட்வான்ஸ் தொகையும் மாத்தியாச்சு."

10.42, முதலாளி: "நல்லது. டாக்டர் ஒரு தடவை பாத்துட்டுதான் கையெழுத்து போடுவேன்னார்."

11.15, முதலாளி: "அதை அவருக்கு அனுப்பிடும்மா."

டாக்டர்தான் வீடு வாங்குபவர். ஆக, "அவர்" என்ற நாற்காலிக்கு வக்கீல், மேனேஜர், டாக்டர் என்று மூன்று பேர். "அது" என்பதற்கு வில்லங்கச் சான்று, மூலப்பத்திர ஸ்கேன், அக்ரிமென்ட் என்று மூன்று கோப்புகள். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது பொருள். அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மொழி ஏதாவது உதவுகிறதா என்று பார்ப்போம். தமிழில் சுட்டுப்பெயர் பாலையும் எண்ணையும் மரியாதையையும் சேர்த்தே சுமக்கும். "அவன்கிட்ட குடுத்துடு" என்று முதலாளி எழுதியிருந்தால் மூன்று பெரிய மனிதர்களும் அப்போதே விலகியிருப்பார்கள். பேச்சு ஆபீஸ் பையனைப் பற்றியதாகியிருக்கும். ஆனால் "அவர்" மரியாதைக்குரிய எவருக்கும் பொருந்தும், ஆணா பெண்ணா என்றும் காட்டாது. வக்கீல் ஒரு பெண்மணியாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது. "அதை" என்பதும் அப்படித்தான். எழுத்தில் "அவற்றை" என்று பன்மை உண்டு. வாட்ஸ்அப்பில் யார் அப்படி எழுதுகிறார்கள்? ஸ்கேனையும் அக்ரிமென்டையும் சேர்த்தே முதலாளி "அதை" என்று சொல்லியிருக்கலாம். (பல வீடுகளில் "அவர்" என்றால் ஒரே ஒருவர்தான். கணவர் பெயரைச் சொல்லாத பாட்டிமார்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் சுட்டுப்பெயர் அழகாக வேலை செய்யும்.)

தொல்காப்பியம் இதைக் கொஞ்சம் தொட்டிருக்கிறது. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வரும்போது பெயரை முதலில் சொல்லி, சுட்டைப் பின்னால் வைக்க வேண்டும் என்று கிளவியாக்கத்தில் ஒரு விதி உண்டு. செய்யுளில் முறை மாறலாம் என்று விலக்கும் உண்டு. இந்த விதிக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணத்தில் சாத்தன் வருவான். அவனுக்குச் சோறு போடச் சொல்வார்கள். வந்தது சாத்தன் மட்டும் என்பதால் குழப்பமில்லை. சாத்தனும் கொற்றனும் சேர்ந்து வந்து, "அவனுக்குச் சோறு போடு" என்றால் இலை யாருக்கு? நம் முதலாளியும் விதிப்படிதான் நடந்திருக்கிறார். பெயர்களை முன்னால் சொல்லிவிட்டுத்தான் சுட்டினார்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றும் வழி, கடைசியாகச் சொன்ன ஆளைப் பிடித்துக்கொள்வது. கடைசியில் வந்தவர் டாக்டர், அப்படியானால் அவர்தான். இந்த வழியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கணினி மொழியியலாளர் ஜெர்ரி ஹாப்ஸ் 1978-இல் ஆங்கிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். வாக்கியத்தின் பொருளைக் கவனிக்காமல், அதன் அமைப்பை மட்டும் வைத்து முன்னால் வந்த பெயர்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தேடிப் பிடிக்கும் முறை அது. ஒரு தொல்லியல் நூல், ஒரு நாவல், ஒரு வார இதழ் ஆகியவற்றிலிருந்து 300 சுட்டுப்பெயர்களை எடுத்து ஓட்டியதில் சுமார் 88 சதவீதம் சரியாக வந்தது. ஆனால் அந்த 300-இல் பாதிக்கு மேல் போட்டியே இல்லாத இடங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் பொருந்தக்கூடிய இடங்களை மட்டும் தனியே பார்த்தபோது வெற்றி சுமார் 73 சதவீதமாக இறங்கியது. குழப்பம் இல்லாத இடத்தில் நன்றாக வேலை செய்து, குழப்பம் வரும்போது காலை வாரும் விதி அது.

வாட்ஸ்அப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தப் பெண்ணின் திரையில் கடைசியாக இருப்பது 10.42 செய்தி. முதலாளியின் மனதில் கடைசியாக இருப்பதும் அதுதானா? 10.42-க்கும் 11.15-க்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. அதற்குள் வக்கீல் போன் செய்து "அந்த 4-ஆம் பக்கம் என்னாச்சு?" என்று கேட்டிருக்கலாம். போனை வைத்த கையோடு முதலாளி தட்டியது இந்தச் செய்தி என்றால், அவருக்கு "அவர்" வக்கீல், "அது" ஸ்கேன். அவருக்கு இதில் ஒரு மயக்கமும் இல்லை. அந்தப் போன் பேச்சு உதவியாளரின் திரையில் இல்லை என்பது அந்த நிமிடம் அவருக்கு உறைத்திருக்காது. இதனால் நேர இடைவெளியையும் ஒரு தடயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். 10.43-க்கு அதே செய்தி வந்திருந்தால் டாக்டர் என்று பெரும்பாலும் நம்பலாம். இடைவெளி நீள நீள அந்த நம்பிக்கை தளரும்.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்யும் பிசகு, "அவர்" யார் என்று தனியாகவும், "அது" எது என்று தனியாகவும் யோசிப்பது. இரண்டும் ஒரே முடிச்சு, சேர்த்துத்தான் அவிழ்க்க வேண்டும். "அனுப்பு" என்ற வினையே அதற்கு வழிகாட்டும். ஒரு கோப்பை ஒருவருக்கு அனுப்பச் சொன்னால், அது இன்னும் அவரிடம் இல்லை என்று பொருள். அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும், அல்லது அவருடைய அடுத்த வேலைக்கு அது தேவைப்பட வேண்டும். அனுப்பும் நிலையில் அந்தக் கோப்பு தயாராகவும் இருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் வைத்து ஒன்பதையும் சலித்துப் பார்ப்போம். வில்லங்கச் சான்றை வக்கீல் பார்த்தாகிவிட்டது. மற்ற இருவரும் இந்தப் பேச்சில் அதைக் கேட்கவில்லை. அது போனால் மூன்று ஜோடி போய்விடும். மூலப்பத்திர ஸ்கேன் தெளிவாக இல்லை என்றவர் வக்கீல் மட்டுமே. மேனேஜருக்கு வேண்டியது கையெழுத்தான அக்ரிமென்ட். இப்போது இருப்பதோ கையெழுத்தாகாத வரைவு, அது அவருக்கு உதவாது. வக்கீலும் அக்ரிமென்டைக் கேட்கவில்லை. மிஞ்சுவது இரண்டே ஜோடி: வக்கீலுக்கு ஸ்கேன், அல்லது டாக்டருக்கு அக்ரிமென்ட். குறுக்கு ஜோடிகள் தானாகவே உதிர்ந்துவிட்டன. யாருக்கு என்று தெரிந்தால் எதை என்பது தெரிந்துவிடும். எதை என்று தெரிந்தால் யாருக்கு என்பதும் அப்படியே.

அக்ரிமென்ட் என்றே வைத்துக்கொண்டாலும் வேலை முடியவில்லை. கணினியைத் திறந்தால் `Agreement_final.docx` என்று ஒன்று, `Agreement_final_new.docx` என்று ஒன்று இருக்கும். பழைய அட்வான்ஸ் தொகை உள்ளது எது, திருத்தியது எது? "அதை" என்பது பொருளைத்தான் சுட்டும், கோப்பைச் சுட்டாது. சரியான ஆளுக்குப் பழைய வரைவு போய்ச் சேர்வது, என் பார்வையில், ஆள் மாறிப் போவதைவிட மோசமானது. ஆள் மாறினால் "இது எனக்கு எதுக்கு?" என்று அவரே கேட்டுவிடுவார். பழைய வரைவு போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கையெழுத்தும் விழுந்துவிடும்.

சரி, மிஞ்சிய இரண்டில் ஒன்றை ஊகித்து அனுப்பிவிடலாமா? தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. ஸ்கேனை வக்கீலுக்கு அனுப்புவதில் ஆபத்தே இல்லை. எப்படியும் அவருக்குப் போக வேண்டியதுதான். முதலாளி சொன்னது அது இல்லையென்றாலும் ஒரு வேலை மிச்சம். அக்ரிமென்ட் அப்படியல்ல. திருத்திய தொகையை முதலாளி இன்னும் தன் கண்ணால் பார்க்கவில்லை என்றால், அவர் பார்க்காத எண் வாங்குபவரின் கைக்குப் போய்விடும். அதனால் ஸ்கேனை உடனே அனுப்பிவிட்டு, அக்ரிமென்டைப் பற்றி மட்டும் கேட்பது புத்திசாலித்தனம்.

எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "எதை சார்? யாருக்கு சார்?" என்றால், முதலாளி எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் என்றால் "அதான்மா, சொன்னேன்ல" என்று இன்னொரு சுட்டைத்தான் அனுப்புவார். அதைவிட, நம் ஊகத்தை அவர் முன்னால் வைத்துவிட்டால் அவர் "ஆமா" என்று மட்டும் சொன்னால் போதும்:

"4-ஆம் பக்க ஸ்கேன் வக்கீல் சாருக்கு அனுப்பிட்டேன் சார். அட்வான்ஸ் தொகை மாத்தின அக்ரிமென்டை டாக்டர் சாருக்கு அனுப்பட்டுமா?"

இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. பன்னிரண்டு மொழிகளில் நடந்த சாதாரண உரையாடல்களை ஒப்பிட்டு 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மக்கள் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை "என்ன?", "யாரு?", "அவரா?" என்று சரிபார்த்துக்கொள்வது தெரியவந்தது. முடிந்த அளவுக்குக் குறிப்பாகக் கேட்பதே எல்லா மொழியினரின் வழக்கமாகவும் இருந்தது. எதிரே இருப்பவருக்கு வேலையைக் குறைத்துக் கேட்பது மனித இயல்பு போலும். நேரில் பேசும்போது இவ்வளவு தாராளமாகக் கேட்கும் நாம், முதலாளியின் செய்திக்கு மட்டும் கேட்கத் தயங்கி ஊகத்தில் இறங்குகிறோம்.

அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் எந்தச் செய்தியைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதை வலப்பக்கம் தள்ளி, அதன் கீழேயே பதில் எழுதலாம். 10.05 செய்தியின் கீழே "அதை அவருக்கு அனுப்பிடும்மா" என்று வந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. மின்னஞ்சல் என்றால் கோப்பின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதிவிடுங்கள், இரண்டே சொல்தான். அனுப்பிய பிறகு திரும்பப் பெறலாம் என்று நினைக்காதீர்கள்: ஜிமெயிலில் அதற்குக் கிடைப்பது அதிகபட்சம் 30 விநாடி. அமைப்புகளில் நீங்களாக மாற்றி வைக்காவிட்டால் வெறும் 5 விநாடி.