வராமல் போனவரை எப்போது, எப்படி அழைப்பது?

நடுத்தர ஊர் ஒன்றில் காபிக்கொட்டை வறுத்து, பொடியாக அரைத்து, வீட்டுக்கே அனுப்பும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டரில் 1,800 பேரின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. கடைக்காரருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினால், மூன்று நான்கு மாதங்களாக ஒரு பாக்கெட்கூட வாங்காதவர்கள் நூற்றுக்கணக்கில் தேறுவார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, 'இனி வேண்டாம்' என்று சொல்லவும் இல்லை. வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த நிலையில் பெரும்பாலான கடைகள் செய்வது ஒன்றுதான். 1,800 பேருக்கும் ஒரே நாளில் '20 சதவீதம் தள்ளுபடி' என்று வாட்ஸ்அப் தட்டிவிடுவார்கள். அன்று ஆர்டர்கள் குவியும், கடையில் சந்தோஷம் பொங்கும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் நின்ற லாபம் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கும். எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களுக்குத்தான் அந்தத் தள்ளுபடியில் பெரும்பகுதி போயிருக்கும்.

சரியான வேலை யார் உண்மையிலேயே நின்றுவிட்டவர் என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. '90 நாள் வாங்காவிட்டால் அவர் போய்விட்டார்' என்று எல்லோருக்கும் ஒரே கோடு கிழித்தால் தப்பாகப் போகும். ஒரு வீட்டில் வாரம் 200 கிராம் வாங்குவார்கள். இன்னொரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ வாங்கி டப்பாவில் போட்டு வைப்பார்கள். முதல் வீட்டுக்கு மூன்று வார மௌனமே கவலைப்பட வேண்டிய விஷயம். இரண்டாவது வீட்டுக்கு அது சாதாரணம். ஆகவே ஒவ்வொருவரும் கடைசியாக வாங்கிய நான்கைந்து தேதிகளை எடுத்து, நடுவில் சராசரியாக எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை வாங்குபவர் 45 நாள் வரை வராவிட்டால், 'பொடி தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுமா?' என்ற ஒரு வரி நினைவூட்டல் போதும், சலுகை எதுவும் தேவையில்லை. இடைவெளி இரண்டு மடங்காகி 60 நாளைத் தாண்டும்போதுதான் அவரை 'நின்றுவிட்டவர்' பட்டியலில் சேர்க்கலாம்.

அதற்கு முன்பே தள்ளுபடியோடு ஓடினால், கொஞ்ச நாள் வாங்காமல் இருந்தால் விலை குறையும் என்று நாமே அவருக்குப் பழக்கிவிடுவோம். ரொம்பத் தாமதித்தாலும் சங்கடம்தான். வேறு கடைப் பொடியின் வாசனை அந்த வீட்டுக்குப் பழகிப்போய்விடும். ஆறு மாதம் தாண்டியவரைத் திரும்ப அழைக்க முடியாது என்றில்லை. செலவு கூடும், பலன் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனவர்களைக் கணக்கு 'நின்றுவிட்டார்' என்று காட்டும். அவர்களுக்கு ஜூன் நடுவரை அவகாசம் கொடுப்பது நல்லது.

நம் கடையில் இப்படிச் சலித்தபின் 300 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முன்பு மூன்று முறையாவது வாங்கியவர்கள். ஒரே ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனவர்களை இதில் சேர்க்கக் கூடாது. அவர்கள் இன்னும் வாடிக்கையாளராகவே ஆகவில்லை.

அடுத்த வேலையை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். எதையும் அனுப்புவதற்கு முன்னால், அந்த 300 பேரில் ஒரு 20 பேரையாவது கடைக்காரரே போனில் கூப்பிட வேண்டும். 'ஏன் இப்போ வாங்கறதில்லை?' என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் கூச்சப்பட்டு, 'இல்லைங்க, சும்மாதான், வாங்கறேன்' என்று முடித்துவிடுவார். 'கடைசியா அனுப்பின பொடி எப்படி இருந்துச்சுங்க?' என்று கேட்டால் பேச்சு திறக்கும். 'ரொம்ப நைஸா அரைச்சிட்டீங்க, ஃபில்டர்ல டிகாக்ஷனே இறங்கலை' என்று ஒருவர் சொல்வார். 'ஒண்ணாம் தேதி வரவேண்டியது அஞ்சாம் தேதி வந்துச்சு, அதுக்குள்ள பக்கத்துக் கடையில வாங்கிட்டோம்' என்பார் இன்னொருவர். சிலர் விலையைச் சொல்வார்கள். 2024-25இல் உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை இதுவரை காணாத உயரத்துக்குப் போனபோது பல வீடுகளில் பிராண்டையோ சிக்கரி அளவையோ மாற்றிக்கொண்டார்கள். 'டாக்டர் காபியைக் குறைக்கச் சொல்லிட்டார்', 'பையன்கிட்டேயே போயிட்டோம்' என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தச் சலுகையும் பயன்படாது. நல்வார்த்தை சொல்லிவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

காரணம் தெரிந்தால்தான் எதைக் கொடுத்து அழைப்பது என்பது தெளிவாகும். மார்க்கெட்டிங் பேராசிரியர் வி. குமாரும் அவருடைய சகாக்களும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தை விட்டுப் போன 50,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். விலைக்காகப் போனவர்களைத் திரும்ப அழைப்பது ஓரளவு சுலபம், சேவை சரியில்லை என்று போனவர்களை அழைப்பது அதைவிடக் கடினம் என்று அதில் தெரிந்தது. முன்பு நண்பர்களுக்குச் சிபாரிசு செய்தவர்களும், புகார் சொல்லி அது திருப்தியாகத் தீர்க்கப்பட்டவர்களும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்றும் தெரிந்தது. புகார் சொன்னவரைத் தொல்லை பிடித்தவர் என்று ஒதுக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சரி செய்யப்பட்ட புகார்தான் பட்டியலின் முதல் வரிசையில் இருக்க வேண்டியது.

ஆக, நைஸாக அரைத்ததால் போனவருக்கு 20 சதவீதம் குறைப்பதில் அர்த்தமே இல்லை. இறங்காத டிகாக்ஷன் பாதி விலையிலும் இறங்காது. அவருக்குத் தேவை சரியான பதத்தில் அரைத்த 100 கிராம் பொடி, காசில்லாமல். தாமதத்தால் போனவருக்குத் தேவை 28ஆம் தேதியே பொடி வாசலுக்கு வந்துவிடும் என்ற உறுதி. விலைக்காகப் போனவருக்கு மட்டும்தான் பணத்தில் சலுகை. அதையும் எல்லாப் பொடிக்கும் கொடுக்காமல், விலை குறைந்த கலவை ஒன்றைக் காட்டிக் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்த வித்தியாசம் கணக்கிலும் தெரியும். அரைக் கிலோ பொடி 400 ரூபாய் என்று வையுங்கள். கொட்டை, கூலி, பாக்கெட் எல்லாம் 280, கொண்டுபோய்க் கொடுக்க 30. மிச்சம் 90 ரூபாய். 20 சதவீதம் தள்ளினால் 80 ரூபாய் போய், கையில் நிற்பது 10 ரூபாய். 100 கிராம் சாம்பிளுக்குக் கடையின் செலவு 56 ரூபாய்தான். வாங்குபவர் கண்ணுக்கு அது 80 ரூபாய்ப் பொருள். முக்கியமாக, நாளைக்கு அவர் முழு விலை கொடுக்கும்போது 'போன தடவை குறைச்சீங்களே' என்ற கேள்வி வராது.

எழுதும் வார்த்தைகளுக்கு வருவோம். 'உங்களை மிஸ் பண்றோம்! இன்றே கடைசி நாள்!' என்ற செய்தி எந்தக் கடையிலிருந்தும் யாருக்கும் போகலாம். அதனாலேயே யாரும் படிப்பதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'வணக்கம்மா. போன ஜனவரியில் அரைக் கிலோ பிளான்டேஷன் ஏ, 80-20 கலவை வாங்கினீர்கள். அந்த மாதம் அரைத்த பொடி சிலருக்கு நைஸாகப் போய்விட்டது. மிஷினைச் சரி செய்துவிட்டோம். புதுசாக அரைத்ததில் 100 கிராம் அனுப்புகிறோம், காசு வேண்டாம். அனுப்பலாம் என்றால் ஒரு பதில் போடுங்கள். இப்படிச் செய்தி வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறோம்.' இதில் அவருடைய கடைசி ஆர்டர் இருக்கிறது, தப்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, கேட்பது ஒன்றே ஒன்று. 'எங்களை மறந்துட்டீங்களா?' என்று உறுத்தும் கேள்வி இல்லை. வாங்காமல் இருந்ததற்கு அவர் ஏன் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டும்?

தப்பு கடையினுடையது என்றால் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்வது பலன் தரும் என்பதற்கு டாமினோஸ் பீட்சா நல்ல உதாரணம். 2009 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த நிறுவனம், தன் பீட்சா அட்டை மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டியதைத் தன் விளம்பரத்திலேயே காட்டியது. கூடவே மாவு, சாஸ், சீஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்றது. அடுத்த மூன்று மாதத்தில் அங்கே ஏற்கெனவே இயங்கிவந்த கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டைவிட 14.3 சதவீதம் உயர்ந்தது. பீட்சாவை மாற்றாமல் வருத்தம் மட்டும் தெரிவித்திருந்தால், வந்து பார்த்தவர்கள் இரண்டாவது முறையும் போயிருப்பார்கள். மிஷினைச் சரி செய்யாமல் 'சரி செய்துவிட்டோம்' என்று எழுதக் கூடாது.

அனுப்பும் நாளும் நேரமும் பார்க்க வேண்டும். மாத சாமான் லிஸ்ட் போடும் வீடுகளுக்கு 25ஆம் தேதிக்கு மேல் போகும் செய்தி, 12ஆம் தேதி போவதைவிட வேலை செய்யும். எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே டிஎல்டி தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1909இல் விளம்பரமே வேண்டாமென்று பதிந்தவர்களை மதிக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதிலும் கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். 'அனுப்பினேன், யாரும் பதில் போடலை' என்று வருத்தப்படும் கடைக்காரர்கள் பலர் இந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டியிருப்பார்கள்.

முதல் செய்திக்குப் பதில் இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று அனுப்பலாம். அதே வாசகத்தைத் திரும்ப அனுப்பாமல், வேறு காரணத்தைத் தொட்டுப் பேச வேண்டும். அதற்கும் பதிலில்லை என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். சலுகையை 20, 30, 40 என்று ஏற்றிக்கொண்டே போனால், முதல் தடவையே வந்தவர் ஏமாந்தவராகிவிடுவார்.

பலன் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே நேர்மையான வழி, 300 பேரில் 60 பேரைக் குலுக்கி எடுத்து, அவர்களுக்கு எதையுமே அனுப்பாமல் விடுவதுதான். கடைக்காரருக்குக் கை வராது. ஆனாலும் செய்ய வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பார்க்கிறோம்: செய்தி போன 240 பேரில் 36 பேர் வந்திருக்கிறார்கள், அதாவது 15 சதவீதம். எதுவும் அனுப்பாத 60 பேரிலும் 6 பேர் தாங்களாகவே வந்திருக்கிறார்கள், 10 சதவீதம். அப்படியானால் அந்த 36 பேரிலும் 24 பேர் சும்மா இருந்தாலும் வந்திருப்பார்கள். செய்தியால் வந்தவர்கள் 12 பேர்தான். எல்லோருக்கும் 80 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருந்தால் மொத்தம் 2,880 ரூபாய். 12 பேருக்கு வகுத்தால் தலைக்கு 240 ரூபாய். ஒரு அரைக் கிலோவில் 90 ரூபாய் மிஞ்சும் கடையில், அந்த 12 பேரும் மூன்று தடவையாவது வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும்.

அதனால் முதல் ஆர்டரோடு கணக்கை மூடிவிடக் கூடாது. திரும்பி வந்தவர்கள் அடுத்த 60 நாளில் முழு விலைக்கு இரண்டாவது பாக்கெட் வாங்குகிறார்களா என்று தனியாகக் குறித்துவைக்க வேண்டும். சாம்பிள் வாங்கியவர்களில் எத்தனை பேர், தள்ளுபடி வாங்கியவர்களில் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால், அடுத்த முறை எதைக் கொடுப்பது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். இரண்டு செய்திக்கும் அசையாதவர்களின் பெயரை வருடத்துக்கு ஒருமுறை, கடையில் உண்மையிலேயே புதுசாக ஏதாவது வந்தால் மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.