பிழை எந்த எண்ணில்?

முதன்முதலில் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் ஏன் அத்தனை முறை தோற்றார்கள்? ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பேச வந்த இயற்பியல் ஆசிரியை இந்தக் கேள்வியோடுதான் தொடங்கினார். "விடாமுயற்சியைப் பத்தி நான் பேசப் போறதில்ல. அவங்க எதனால தோத்தாங்கன்னு மட்டும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரமும் ஒரே ஒரு தோல்வியைப் பற்றிப் பேசினார். 1901-ஆம் ஆண்டு கோடையில் ரைட் சகோதரர்களின் கிளைடர் பறக்க மறுத்த கதை அது.

வில்பரும் ஆர்வில்லும் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். எஞ்சினைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, காற்றில் சறுக்கிப் பறக்கும் கிளைடரைச் செய்து பழக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1900-இல் செய்த முதல் கிளைடர் எதிர்பார்த்த எடையைத் தூக்கவில்லை. இறக்கை சிறிதாகிவிட்டதோ என்று அடுத்த ஆண்டு 22 அடி நீளம், 7 அடி அகலத்தில் பெரிய இறக்கைகளைக் கட்டி, கிட்டி ஹாக் கடற்கரை மணல்மேடுகளுக்குக் கொண்டுபோனார்கள். கிளைடரைக் கயிற்றில் கட்டிப் பட்டம்போலப் பறக்கவிட்டு, அது இழுக்கும் இழுப்பை வில்தராசில் அளந்தார்கள். கணக்கில் வந்த தூக்குவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கையில் கிடைத்தது.

இந்த இடத்தில் ஆசிரியை கரும்பலகைக்குப் போனார். இறக்கை எவ்வளவு எடையைத் தூக்கும் என்று அறிய நான்கு எண்களைப் பெருக்க வேண்டும். இறக்கையின் பரப்பு ஒன்று. காற்று வேகத்தின் வர்க்கம் இன்னொன்று. இறக்கையின் வளைவுக்கும் சாய்வுக்கும் ஏற்ப மாறும் எண் மூன்றாவது. காற்று ஒரு தட்டையான பலகையை எவ்வளவு அழுத்தும் என்பதற்கான மாறிலி நான்காவது.

பரப்பையும் வேகத்தையும் சகோதரர்கள் தாங்களே அளந்துகொண்டார்கள். மற்ற இரண்டும் பிறர் தந்தவை. வளைவுக்கான எண்ணை ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் வெளியிட்ட அட்டவணையிலிருந்து எடுத்தார்கள். ஏறத்தாழ 2,000 முறை கிளைடரில் சறுக்கி, 1896-இல் விழுந்து உயிரிழந்த லிலியந்தாலைவிட நம்பத் தகுந்தவர் அன்று யாரும் இல்லை. நான்காவது எண் 0.005. பதினெட்டாம் நூற்றாண்டில் காற்றாலைகளை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் பெயரால் அது வழங்கிவந்தது. நூறாண்டுக்கு மேலாகப் புத்தகத்துக்குப் புத்தகம் இறங்கி வந்த எண்.

முன் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அப்போ அந்த அட்டவணைதான் தப்பா?" என்று கேட்டாள்.

"அவங்களும் அப்படித்தாம்மா நினைச்சாங்க. ஆனா கிளைடரைப் பார்த்தா அது தெரியாது. பெருக்கி வந்த விடை தப்புன்னு தெரியும். நாலுல எது தப்புன்னு விடை சொல்லாது."

பேச்சின் உயிர் இந்தப் பதிலில்தான் இருந்தது என்பேன். முழுக் கருவியைக் கட்டி முடித்துச் சோதிக்கும்போது அது 'ஆகாது' என்று மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்வதில்லை. இதன் விலையை அதே காலத்தில் சாமுவேல் லாங்லி கொடுத்தார். அரசு தந்த 50,000 டாலரில் எஞ்சின் பூட்டிய முழு விமானத்தைக் கட்டி, படகு ஒன்றின் கூரைமேலிருந்து உந்திச் செலுத்தினார். 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும், இரண்டு முறையும், அது போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. எதனால் விழுந்தது என்று பிரித்துப் பார்க்க மூன்றாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

ரைட் சகோதரர்கள் தோல்வியைச் சிறியதாக்கினார்கள். ஒரு சைக்கிளின் கைப்பிடிக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைப் படுக்கை வசத்தில் பொருத்தி, அதன் விளிம்பில் ஒரு தட்டைத் தகட்டையும் ஒரு வளைந்த தகட்டையும் நிறுத்தினார்கள். சைக்கிளை வேகமாக மிதித்தால் எதிர்க்காற்று இரண்டையும் தள்ளும். அட்டவணைப்படி வளைந்த தகடு 5 டிகிரி சாய்வில் தட்டைத் தகட்டைச் சமன்செய்ய வேண்டும். உண்மையில் 18 டிகிரி தேவைப்பட்டது. ஆனால் தெருக்காற்று ஒரே சீராக வீசாது. எனவே கடைக்குள்ளேயே 6 அடி நீளத்தில், 16 அங்குலச் சதுர வாயுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, மேலே கண்ணாடி பதித்தார்கள். விசிறி காற்றைச் சுழற்றி அனுப்பியது. அதை நேர்க்கோட்டில் ஓடவைக்கவே நிறைய பாடுபட வேண்டியிருந்தது. அறைக்குள் யாராவது நடமாடினால் அளவு மாறிப்போகும் என்பதால், முள்ளைப் பார்ப்பவர் ஒரே இடத்தில் நின்றார்.

பெட்டிக்குள் இருந்த தராசை ஆசிரியை கம்பியும் அட்டையும் வைத்துச் செய்து காட்டினார். அசல் தராசு பழைய ஹாக்ஸா பிளேடிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் ஆனது. மேலே ஒரு குட்டி இறக்கை, கீழே சில தட்டைத் துண்டுகள்; இறக்கை ஒரு பக்கம் இழுக்க, துண்டுகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் சமனாகும் இடத்தில் முள் காட்டும் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும். இரண்டையும் தள்ளுவது ஒரே காற்று. எனவே வேகம் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது, சந்தேகத்துக்குரிய 0.005-ம் கழன்றுவிடுகிறது. இறக்கையின் வடிவத்துக்கான எண் மட்டும் தனியே நிற்கிறது. நான்கில் ஒன்றைப் பிரித்தெடுத்த இந்த யோசனையை நான் அவர்களுடைய எஞ்சினைவிடப் பெரிய கண்டுபிடிப்பாக மதிக்கிறேன்.

1901-இன் கடைசி மாதங்களில் ஏறத்தாழ 200 குட்டி இறக்கைகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். லிலியந்தாலின் அட்டவணை அவருடைய இறக்கைக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வேறு வடிவ இறக்கைக்கு அதைப் பயன்படுத்தியதுதான் தவறு. நூறாண்டுப் பழைய 0.005 உண்மையில் 0.0033-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தாலேயே, 100 கிலோவைத் தூக்கும் என்று கணக்கிட்ட இறக்கை 66 கிலோதான் தூக்கும். மீதிக் குறைக்கு முக்கியக் காரணம் இறக்கை குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. இறக்கைக்கு அடியிலுள்ள காற்றின் அழுத்தம் அதிகம். அது ஓரங்களில் மேலே வழிந்து போய்விடுகிறது. நீளமான, ஒடுங்கிய இறக்கையில் இப்படி வீணாகும் பங்கு குறைவு.

1902 கிளைடரின் இறக்கை 32 அடி நீளம், 5 அடி அகலம். தூக்குவிசை கணக்கோடு ஒத்து வந்தது.

"அப்புறம் தோக்கவே இல்லையா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்.

தோற்றார்கள். அந்தக் கிளைடர் திரும்பும்போது சில வேளைகளில் ஒரு பக்கமாகச் சரிந்து, சுழன்று மணலில் குத்தியது. ஆனால் இம்முறை இறக்கையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அதன் எண்கள் சரிபார்க்கப்பட்டவை. ஆகவே பார்வை நேராக வாலுக்குப் போனது. புதிதாக வைத்திருந்த செங்குத்து வால் அசையாதது. கிளைடர் சரியும்போது பக்கவாட்டுக் காற்று அதில் மோதி, சுழற்சியைக் கூட்டியது. வாலை அசையும்படி செய்யலாம் என்றார் ஆர்வில். இறக்கையை முறுக்கும் கம்பியோடு அதை இணைத்துவிடலாம் என்றார் வில்பர். சில நாட்களில் அந்தக் கோளாறு அடங்கியது. 1903 மார்ச்சில், எஞ்சின் வைத்த விமானம் பறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு, அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது எஞ்சினுக்காக அல்ல, இறக்கையையும் வாலையும் சேர்த்து இயக்கும் இந்த முறைக்காகத்தான்.