'விரைவில் அனுப்பப்படும்' என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

"தீபாவளி முடிஞ்சு விளக்கு வந்துச்சு தம்பி. இப்ப இத வச்சு நான் என்ன செய்யிறது?"

2024-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி மிரியிலிருந்து ஓர் அம்மா எனக்கு அனுப்பிய குரல் பதிவு இது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் பாலிடெக்னிக் மாணவன். படித்துக்கொண்டே இணையத்தில் ஒரே ஒரு பொருள் விற்கிறேன். பூசை அறையில் வைக்கும் சிறிய எல்.இ.டி. குத்துவிளக்கு. உள்ளே மின்னேற்றும் பேட்டரி இருக்கும், யு.எஸ்.பி. வடத்தில் மின்னேற்றலாம். அடுக்குமாடி வீட்டில் எண்ணெய் விளக்கை எரிய விட்டு வேலைக்குப் போகப் பயப்படுபவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். விலை 49 ரிங்கிட். அதில் கொள்முதல் 27, பெட்டியும் கூரியரும் 8. என் கையில் நிற்பது 14.

அந்த அம்மா ஆர்டர் செய்தது அக்டோபர் 17. எனக்குத் தேர்வு இருந்ததால் 21-ஆம் தேதிதான் அனுப்பினேன். தீபாவளி அக்டோபர் 31. விளக்கு போய்ச் சேர நவம்பர் 4 ஆகிவிட்டது. என் பொருள் விளக்கத்தில் இருந்தது மூன்றே வரி: "தரமான விளக்கு. விரைவில் அனுப்பப்படும். உத்தரவாதம் உண்டு." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருக்குத் தேவையான பதிலும் இல்லை. 'விரைவில்' என்றால் அவருக்கு நான்கு நாள், எனக்குத் தேர்வு முடிந்த பிறகு.

பயந்துபோய் அன்றிரவே விளக்கத்தை மாற்றினேன். பிற கடைகளைப் பார்த்து இப்படி எழுதினேன்: "தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. வாங்கிய பொருள் திரும்பப் பெறப்படாது. பெட்டியைத் திறக்கும் காணொளி இல்லையேல் புகார் ஏற்கப்படாது. தவறாகப் பயன்படுத்தினால் உத்தரவாதம் ரத்து." இத்தனையும் பொருளின் அளவுக்கும் நிறத்துக்கும் மேலே, கொட்டை எழுத்தில். தைப்பூசத்துக்கு முன்பு வாரம் எட்டு, ஒன்பது விளக்கு போகும் என்று எதிர்பார்த்தேன். இரண்டுதான் போயின. கேள்வி கேட்டவர்களும் பதில் பெற்றபின் வாங்காமல் போனார்கள்.

என் அக்கா கிள்ளானில் துணிக்கடையில் வேலை செய்கிறார். விளக்கத்தைப் படித்துவிட்டு, "வாடிக்கையாளர் உள்ள வர்றதுக்கு முன்னாடியே கதவுல நின்னு சண்டை போடுற மாதிரி இருக்குடா" என்றார். எல்லா வரியும் வாடிக்கையாளர் செய்யக்கூடிய தவறைப் பற்றியது. நான் என்ன செய்வேன் என்று ஒரு வரிகூட இல்லை.

அதோடு, 'திரும்பப் பெறப்படாது' என்று எழுதிவிட்டால் தப்பிவிடலாம் என்று நான் நினைத்ததும் தவறு. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். விளக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்த உரிமையைக் கடைக்காரர் ஒரு வரி எழுதிப் பறித்துவிட முடியாது. இணைய விற்பனையில், பொருள் எப்போது கிடைக்கும் என்ற மதிப்பீட்டைத் தெரிவிப்பதும் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே கடமையாகிவிட்டது. ஆக, என் கொட்டை எழுத்து வாங்க வந்தவரை விரட்டியது. என்னைக் காப்பாற்றவில்லை.

மூன்றாவது முறை எழுதுவதற்கு முன், அதுவரை அனுப்பிய 31 பொட்டலங்களின் கூரியர் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தேன். தீபகற்பத்துக்குள் பெரும்பாலானவை 2, 3 வேலை நாளில் போயிருந்தன. சில மட்டும் 4. சபா, சரவாக்கிற்கு மிக வேகமாகப் போனது 6 நாள், மிகத் தாமதமானது 10. சராசரியை எழுதலாமே என்று தோன்றியது. ஆனால் சராசரியை எழுதினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பொய்யாகிவிடும். அதனால் இரண்டு முனைகளையும் எழுதினேன். பெரிய எண் நான் காப்பாற்ற வேண்டிய வாக்கு. சிறிய எண் இருப்பதால் இரண்டாம் நாளே "எங்கே தம்பி விளக்கு?" என்று செய்தி வருவது குறைகிறது.

கூரியர் எடுக்கும் நாள்களும் நான் பொட்டலம் கட்ட எடுக்கும் நாள்களும் வேறு. மிரி அம்மாவின் விளக்கு என் மேசையிலேயே நான்கு நாள் கிடந்தது. அந்தத் தவறு கூரியருடையது அல்ல. எனவே இரண்டையும் பிரித்து எழுதினேன்:

"ஆர்டர் செய்த அடுத்த வேலை நாளுக்குள் அனுப்பிவிடுவோம். அதன்பின் தீபகற்பத்தில் 2 முதல் 4 வேலை நாளில் கிடைக்கும். சபா, சரவாக்கிற்கு 6 முதல் 10 வேலை நாள். விளக்கில் பேட்டரி இருப்பதால் கப்பலில் அனுப்புகிறோம்."

அந்தக் கடைசிக் காரணத்தைச் சேர்த்தது நல்லதாகப் போயிற்று. லித்தியம் பேட்டரி உள்ள பொருளை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. அது தெரியாதவருக்கு 10 நாள் என்பது சோம்பேறித்தனமாகத் தெரியும். தெரிந்தால் கோபம் வராது.

பண்டிகைக் காலத்தில் வேலை நாள் கணக்கை வாங்குபவரிடம் விடக்கூடாது. பலர் சனி, ஞாயிறையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. நான் பின்னாலிருந்து எண்ணினேன். தீபகற்பத்துக்கு 17-ஆம் தேதி வெள்ளிக்குள் சேர வேண்டும். கூரியருக்கு 4 வேலை நாள் என்றால் 13-ஆம் தேதி திங்களன்று பொட்டலம் கிளம்ப வேண்டும். அப்படியானால் ஆர்டர் 10-ஆம் தேதி வெள்ளிக்குள் வர வேண்டும். சபா, சரவாக்கிற்கு அக்டோபர் 1 என்று வைத்தேன். 2-ஆம் தேதி அனுப்பினால் பத்தாவது வேலை நாள் 16-ஆம் தேதி வருகிறது. ஒரு நாள் கையிருப்பு. விளக்கத்தில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. "தீபாவளிக்கு முன் கிடைக்க: தீபகற்பம் அக்டோபர் 10, சபா, சரவாக் அக்டோபர் 1-க்குள் ஆர்டர் செய்யுங்கள்" என்று மட்டும் போட்டேன். தேதியைப் பார்த்து ஓடியவர் யாரும் இல்லை. சொல்லப்போனால் சிலர் முன்கூட்டியே வாங்கினார்கள்.

திரும்பப் பெறுவதில்தான் எனக்கு உண்மையான பயம். ஒரு விளக்கை மாற்றிக் கொடுத்தால் கொள்முதலும் கூரியரும் சேர்ந்து 35 ரிங்கிட் போகும். இரண்டரை விளக்கின் லாபம். ஆனால் பதிவைப் பார்த்தபோது 31-இல் உடைந்து போனது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக 31 பேரையும் மிரட்டியிருக்கிறேன்.

இரண்டு நிலைமைகளை நான் ஒன்றாகக் குழப்பியிருந்தேன். உடைந்தோ, தவறான நிறத்திலோ போனால் அது என் பொறுப்பு. பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு. அதற்கு நிபந்தனை வைக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும்.

"உடைந்து வந்தாலோ, நிறம் மாறி வந்தாலோ 7 நாளுக்குள் ஒரு படம் அனுப்புங்கள். எங்கள் செலவில் வேறு விளக்கு அனுப்புவோம். பிடிக்கவில்லை என்றாலும் 7 நாளுக்குள் திருப்பலாம். கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. பூசையில் வைத்த விளக்கை அடுத்தவருக்கு விற்க முடியாது என்பதால், குங்குமம், சந்தனம் வைக்கும் முன் திருப்பி அனுப்புங்கள்."

முன்பு 'பயன்படுத்திய பொருள் ஏற்கப்படாது' என்று எழுதியதும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே நிபந்தனைதான். ஆனால் குங்குமம் என்றதும் யாரும் விவாதம் செய்வதில்லை. தங்களுக்கும் அடுத்தவர் பொட்டு வைத்த விளக்கு வேண்டாம் அல்லவா? காணொளி கட்டாயத்தையும் எடுத்துவிட்டேன். நான் கேட்பது ஒரு படம். அது எனக்கு ஏன் வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே புரிகிறது. நீங்கள் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கடை வைத்திருந்தால், திரும்பப் பெறுவதற்கு அந்தத் தளத்துக்கென்று விதி இருக்கும். அதைவிடக் கடுமையாக நீங்கள் எழுதினால் செல்லாது. முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

'உத்தரவாதம் உண்டு' என்ற வரிதான் அதிகக் கேள்விகளைக் கொண்டுவந்தது. எத்தனை மாதம், எந்த நாளிலிருந்து, பேட்டரிக்கும் சேர்த்தா, யாரிடம் அனுப்புவது, கூரியருக்கு யார் காசு? ஐந்துக்கும் பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றே வாக்கியம்தான் ஆனது. பேட்டரியைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. மின்னேற்ற மின்னேற்ற எந்தப் பேட்டரியும் சற்றுக் குறையும். எல்.இ.டி. அப்படிச் சீக்கிரம் போகாது.

"விளக்கு கைக்கு வந்த நாளிலிருந்து எல்.இ.டி.க்கும் மின்னேற்றும் பகுதிக்கும் 6 மாதம், பேட்டரிக்கு 3 மாதம். இதற்குள் பழுதானால் எங்களுக்கு அனுப்புங்கள். சரிசெய்து எங்கள் செலவில் திருப்பி அனுப்புவோம். கீழே விழுந்ததும் தண்ணீர் புகுந்ததும் இதில் சேராது."

விலக்குகள் வாக்கு கொடுத்த பிறகுதான் வருகின்றன. 'தவறான பயன்பாடு' என்ற வழுக்கும் சொல்லை எடுத்துவிட்டு, விழுவது, தண்ணீர் என்று கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டை மட்டும் வைத்தேன். பூசை அறையில் நடப்பதும் அந்த இரண்டுதான்.

இவற்றை எங்கே வைப்பது என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தார். முதலில் விளக்கு: உயரம், எத்தனை மணி நேரம் எரியும், பெட்டிக்குள் என்ன இருக்கும். விலைக்குக் கீழே கிடைக்கும் நாள். பிறகு திருப்புவது, கடைசியில் உத்தரவாதம். எல்லாம் சாதாரண எழுத்தில். பிறகு பக்கத்து வீட்டு அத்தையிடம் கைப்பேசியைக் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னோம். கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "கோத்தா கினபாலுவுக்கு எப்ப போகும்? உடைஞ்சா யார் செலவு? பேட்டரிக்கு எத்தன மாசம்?" என்று கேட்டோம். முதல் முறை பேட்டரிக்கு 6 மாதம் என்றார். அந்த வாக்கியத்தில் இரண்டு எண்கள் ஒட்டியிருந்தன. இப்போது அதை இரண்டு வரியாக உடைத்திருக்கிறேன்.

விளக்கம் வேலை செய்கிறதா என்பதை நான் விற்பனையை வைத்து மட்டும் பார்ப்பதில்லை. விற்பனை பண்டிகையோடு ஏறி இறங்கும். வரும் கேள்விகளைத்தான் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், விளக்கத்தில் அந்த வரி இல்லை அல்லது தப்பான இடத்தில் இருக்கிறது.

போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஒருவர் அழைத்தார். விளக்கு வாங்கி நான்கு மாதம் ஆகிறது, பேட்டரி நிற்கவில்லை. நான் பதில் சொல்லத் தயங்கினேன். அவரே, "பேட்டரிக்கு மூனு மாசம்னு போட்டிருந்தீங்க, தெரியும். புது பேட்டரி எவ்வளவு தம்பி?" என்றார். 12 ரிங்கிட் அனுப்பினார். மறுநாள் பேட்டரியை அனுப்பிவிட்டேன்.