நூறு படத்துக்குத்தான் இடம்

அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். போன பங்குனியில் அவன் அப்பா புது போன் வாங்கியதும், சிம்மைக் கழற்றிவிட்டுப் பழையதை இவனிடம் கொடுத்துவிட்டார். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். பேட்டரி அரை நாள் தாங்கினால் பெரிது. கேமரா எட்டு மெகாபிக்சல். அவர்கள் வீடு மதுரையில் மாசி வீதிகளை ஒட்டி, கிழக்கு மேற்காக ஓடும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது.

முதல் நாள் அறுபது படம் எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். நான் இருபது வருடம் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன். எல்லாப் படத்திலும் பால் ஊற்றினாற்போல ஒரு மங்கல். "போன் பழசு மாமா, அதான்" என்றான். போனைத் திருப்பி லென்ஸைப் பார்த்தேன். சட்டைப்பை வியர்வையும் விரல் எண்ணெயும் படலமாகப் படிந்திருந்தன. வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறினால் கறுப்பு கறுப்பாக இருக்காது, படம் முழுக்க வெளுத்துவிடும். பழைய பனியன் துணியால் இரண்டு துடை துடைத்ததும் சரியாகிவிட்டது. பழைய போனைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தப் பொட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஜூமைத் தொடாதே என்று சொன்னேன். அந்தக் காலத்துப் போன்களில் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது மட்டும்தான். கிட்டத்தில் வேண்டுமென்றால் நடந்து போக வேண்டும். இந்த ஒரு விதியால்தான் அவன் தெருவுக்குள் இறங்கினான். வாசல்படியில் நின்றே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தவன், ஒவ்வொரு வீட்டு முன்னாலும் போய் நிற்க வேண்டியதாயிற்று.

முதலில் போனது வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்கு. இஸ்திரிக்காரர் நிழலில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவரில் வெயில் அடிக்கிறது. படத்தில் சுவர் அழகாக வந்தது, அவர் முகம் கரியாக இருந்தது. போன் திரையில் உள்ள மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்க்கிறது. சுவர் பெரிதாக, பளீரென்று இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். எது வேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். திரையில் அவர் முகத்தை விரலால் தொடச் சொன்னேன். முகம் தெளிந்தது. ஆனால் சுவர் வெளுத்துப் போய் அதன் விரிசல்கள் மறைந்துவிட்டன. "ரெண்டும் வேணும் மாமா" என்றான். இந்த போனில் வராது. ஒன்று முகம், இல்லையென்றால் சுவர். இல்லாவிட்டால், சுவரில் வெயில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவன் காத்திருந்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு எடுத்த படத்தில் முகமும் இருந்தது, சுவரும் இருந்தது, பெட்டிக்குள் கரித்துண்டுகளின் சிவப்பும் இருந்தது. தன் தெருவில் வெயில் எந்தச் சுவரை எப்போது விட்டு இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தான்.

போனில் இடமும் இல்லை. இருந்ததெல்லாம் முந்நூறு எம்பி. ஒரு படம் மூன்று எம்பி என்றால் நூறு படத்தோடு நிரம்பிவிடும். அக்கா மெமரி கார்டு வாங்கித் தருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். பாரிஸில் அட்ஜே என்று ஒருவர் இருந்தார். 1897 வாக்கில் தொடங்கி 1927இல் இறக்கும்வரை அந்த நகரத்துப் பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் படிக்கட்டுகளையும் படமெடுத்தவர். கனமான மரக் கேமரா, உள்ளே கண்ணாடித் தகடு. ஒரு படத்துக்கு ஒரு தகடு. எங்கே நிற்பது என்று முடிவு செய்யாமல் தகட்டை வீணாக்க முடியாது. இந்தப் பையனுக்கும் அப்படி ஒரு நெருக்கடி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தினம் ராத்திரி அன்றைய படங்களைப் பார்த்து, பத்தை வைத்துக்கொண்டு மீதியை அழிக்க வேண்டும் என்று வைத்தோம். எதை அழிப்பது என்று பார்க்க ஒரே பொருளின் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்ப்பான். அப்படிப் பார்க்கும்போதுதான் கோல விஷயம் கிடைத்தது.

பங்குனியில் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும். அந்தத் தெருவும் கிழக்கு மேற்கு. உதித்து ஒரு மணி நேரம்வரை வெயில் தெரு நெடுகத் தரையை ஒட்டிப் படுத்து வரும். அந்த நேரத்தில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல நான்கு மடங்கு இருக்கும். கோலப்பொடி இழையின் உயரம் எவ்வளவு இருந்துவிடும்? அந்த அரைக்கடுகு உயரத்துக்கும் நிழல் விழுந்து, இழை எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று காட்டிவிடுகிறது. உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் வெள்ளைக் கோடுதான்.

ஏழு மணி வாக்கில் குந்தி உட்கார்ந்து, போனைத் தரைக்குக் கிட்டே பிடித்து, சூரியனைப் பார்க்கிற மாதிரி எடுத்த இரண்டு படங்கள். ஒன்று கோடிவீட்டுப் பாட்டி வாசல், இன்னொன்று எதிர்வீட்டு அக்கா வாசல். இரண்டும் வேறு வேறு சிக்குக் கோலம். "மாமா, ரெண்டையும் ஒரே ஆள்தான் போட்டிருக்காங்க" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்றேன். பெரிதாக்கிக் காட்டினான். பொடியைக் கிள்ளி எடுத்து இழுக்கும்போது தொடக்கத்தில் குவியும், கையில் தீரத் தீர மெலியும், மறுபடி கிள்ளும் இடத்தில் ஒரு சின்ன முண்டு விழும். இரண்டு கோலத்திலும் இழை இடது கீழ் மூலையில்தான் தொடங்கியிருந்தது. இரண்டிலும் மூன்று புள்ளிக்கு ஒரு முண்டு. நான் அந்த வாசல்களை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அக்காவிடமே கேட்டுவிட்டான். "பாட்டிக்கு முட்டி மடக்க முடியலடா. ஆறு மாசமா நான்தான் போடுறேன். அது எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போட்டுட்டு வந்துருவேன், நீ யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாராம். சொல்லச் சம்மதம் வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன், பெயர் இல்லாமல்.

சம்மதம் என்பதை அவன் தெருக்குழாயடியில் கற்றுக்கொண்டான். குடங்களையும், இடம் பிடிக்க வைத்த செங்கற்களையும் எடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலை கலைந்து நின்ற ஒருவரை எடுத்ததும், "டேய், அழிடா அதை" என்று சத்தம். கண் முன்னால் அழித்துக் காட்டினான். அதிலிருந்து கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறான், எடுத்ததைக் காட்டுகிறான், யாரையும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. முகத்தை ஐந்தடி தள்ளி நின்று எடுக்கிறான். போன் லென்ஸ் அகலப் பார்வை உள்ளது. கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தால் மூக்கு புடைத்து, காது ஒடுங்கிவிடும்.

சித்திரை பாதியில் ஒருநாள் போன் சூடாகி அணைந்தது, அப்புறம் எழுந்திருக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் படங்களை என் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிப் படம் எடுத்தால் இது ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாகுமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதியும் நேரமும் அதிலிருந்து போய்விடும். அந்தக் கோலத்தைக் காலை ஏழு மணிக்கு எடுத்தான் என்பது அந்த நேரக் குறிப்பில்தான் இருக்கிறது.